படத்தைப் பார்க்காதவருக்குச் சொல்வது

ஸ்கார்பரோவில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்கு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். சாவகச்சேரிக்காரர், வயது 48. கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். விண்ணப்பிப்பவர் 18 முதல் 54 வயதுக்குள் இருந்தால், ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ கேட்டுப் புரிந்துகொள்ளவும் பேசவும் தெரியும் என்று சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்றுக்காக அவர் செல்பிப் தேர்வு எழுத முடிவு செய்திருந்தார். ‘எழுத’ என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அவருக்கு வேண்டியது கேட்பதும் பேசுவதும் மட்டுமே உள்ள தேர்வு.

பேச்சுப் பகுதியில் எட்டுக் கேள்விகள். எதிரில் ஆள் இருக்க மாட்டார். கணினித் திரையைப் பார்த்து ஒலிவாங்கியில் பேச வேண்டும். பதிவான குரலை மதிப்பீட்டாளர்கள் பிறகு கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அக்காவைத் திணறடித்தது மூன்றாவது கேள்வி. திரையில் ஒரு படம் வரும். யோசிக்க 30 நொடி, பேச 60 நொடி. படத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

“தம்பி, கண்ணில பட்டதெல்லாம் சொல்லிப்போட்டன். பாத்தா இன்னும் முப்பது செக்கன் மிச்சம் கிடக்குது. பிறகு என்னத்தைச் சொல்லுறது?” என்று கேட்டார்.

கைபேசியில் அவர் பதிவு செய்து வைத்திருந்ததைக் கேட்டேன். பயிற்சிக்கு நான் கொடுத்திருந்த படம் ஒரு வாரச்சந்தை. அவருடைய பேச்சு இப்படிப் போனது: ‘ஒன் லேடி இஸ் தேர். ஒன் ஓல்ட் மேன் இஸ் தேர். ஆப்பிள் இஸ் தேர். ட்ரீ இஸ் தேர். ஒன் பாய் இஸ் தேர். டாக் இஸ் தேர்.’ பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்கிறவர் அவர். வாடிக்கையாளரோடு இதைவிட நூறு மடங்கு நன்றாகப் பேசுவார். படம் என்று வந்ததும் அந்த ஆங்கிலம் எங்கே போனது?

அவருடைய மகனுக்குப் பதினொரு வயது. படத்தை அவன் பார்த்ததில்லை. அவனைக் கூப்பிட்டு, “அம்மா சொல்றதைக் கேட்டு அப்படியே வரை” என்று ஒரு தாளைக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்தான். ஒரு பெண், ஒரு கிழவர், ஒரு ஆப்பிள், ஒரு மரம், ஒரு பையன், ஒரு நாய், எல்லாம் ஒரே வரிசையில், சுவரில் மாட்டும் எழுத்து அட்டை மாதிரி. ஆப்பிள் கிழவரின் தலை அளவுக்கு இருந்தது. நாய் மரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றது.

“இவன் என்ன இப்பிடிக் கீறி வைச்சிருக்கிறான்?” என்றார் அக்கா.

“நீங்கள் சொன்னதைத்தானம்மா கீறினேன்” என்றான் பையன். அவன் சொன்னது உண்மை. ஆப்பிள் எங்கே இருந்தது, நாய் யாருடையது, யார் யாரோடு நின்றார்கள் என்று அக்கா சொல்லவே இல்லை.

செல்பிப் தேர்வின் இந்தக் கேள்வியில் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிற ஒரு வரி உண்டு. நீங்கள் பேசுகிறவரால் இந்தப் படத்தைப் பார்க்க முடியாது என்று அதிலேயே எழுதியிருக்கும். தேர்வு கேட்பது பட்டியலை அல்ல. தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் ஒருவருடைய மனத்தில் அந்தச் சந்தை எழும்ப வேண்டும். மதிப்பீட்டாளர் நான்கு பக்கமிருந்து பார்க்கிறார். கருத்து கோவையாக வருகிறதா, சொல்வளம் இருக்கிறதா, சிரமமில்லாமல் கேட்க முடிகிறதா, கேட்ட வேலையைச் செய்தாரா. பட்டியலாகச் சொன்னால் முதலாவதும் கடைசியும் சேர்ந்தே அடிபடும்.

ஒழுங்கு முதல் வாக்கியத்திலேயே தொடங்க வேண்டும். இது என்ன இடம், என்ன நேரம், எப்படிப்பட்ட பரபரப்பு என்று ஒரே வாக்கியத்தில் சட்டம் போட்டுவிடுங்கள். ‘வெயிலான ஒரு காலையில், திறந்தவெளிச் சந்தையில் ஆட்கள் சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.’ ஐந்தாறு நொடிதான் ஆகும். ஆனால் கேட்பவருடைய மனத்தில் அதற்குள் மேசைகள் வந்துவிடும், கூடைகள் வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் ‘ஆப்பிள்’ என்றால் அது மேசையின் மேல் போய்த் தானாக உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது முன்னணி. ஆங்கிலத்தில் ‘இன் த ஃபோர்கிரவுண்ட்’ என்பார்கள். படத்தில் நமக்கு மிக அருகில் இருப்பது எதுவோ அதுதான் முன்னணி. வரைந்த படத்தில் அதைக் கண்டுபிடிப்பது எளிது. பெரிதாகவும், சட்டத்தின் கீழ்ப்பகுதியிலும், முகபாவம் தெரிகிற அளவுக்குத் தெளிவாகவும் இருக்கும். பின்னணி என்பது தூரத்தில் சிறிதாகத் தெரிவது. படத்தின் மேல்பாதி எல்லாமே பின்னணி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. முன்னால் நிற்கிற உயரமான ஆளின் தலை படத்தின் உச்சி வரை போகலாம், ஆனாலும் அவர் முன்னணிதான்.

இங்கே நம்மவர்கள் வழுக்குகிற இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘பின்பக்கம்’ என்று மனத்தில் நினைத்து ‘பேக் சைடு’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் காதில் அது மனிதருடைய பிட்டத்தைக் குறிக்கும். ‘கடைக்காரியின் பேக் சைடில் ஒரு மரம்’ என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பொருளுக்குப் பின்னால் என்றால் ‘பிஹைண்ட்’. படத்தின் தூரப்பகுதி என்றால் ‘இன் த பேக்கிரவுண்ட்’. இந்த இரண்டும் போதும். இடம் வலம் என்பது பார்க்கிற நமக்கு இடம் வலம்தான், படத்தில் இருப்பவருக்கு அல்ல.

முன்னணிக்குத்தான் நேரத்தில் பாதி போக வேண்டும். அறுபது நொடியில் நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 120 ஆங்கிலச் சொற்கள் வரும், அதாவது பத்துப் பன்னிரண்டு வாக்கியம். அதில் ஐந்தாறு வாக்கியம் முன்னணியில் இருக்கிற இரண்டு அல்லது மூன்று ஆட்களுக்கு. எல்லாரையும் சொல்ல வேண்டும் என்கிற ஆசையை விட வேண்டும். படத்தில் ஒன்பது பேர் இருந்தால் ஆறு பேரை விட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. எடுத்துக்கொண்ட மூன்று பேரை, என்ன உடுத்தியிருக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார், யாரைப் பார்த்துச் செய்கிறார் என்று தொடர்ச்சியாகச் சொல்ல வேண்டும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்போது ‘அவருக்கு இடப்பக்கத்தில்’, ‘அவர்களுக்கு முன்னால்’ என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். கேட்பவர் தொலைந்துபோகாமல் இருப்பது அந்தச் சின்னச் சொற்களால்தான்.

வினைச்சொல்லில் தமிழ் நம்மை ஓரிடத்தில் ஏமாற்றும். ‘ஓடுகிறான்’ என்பதை ‘இஸ் ரன்னிங்’ என்று சரியாகச் சொல்லிவிடுவோம். ஆனால் தமிழில் ‘உட்கார்ந்திருக்கிறார்’, ‘நின்றிருக்கிறார்’, ‘தொப்பி போட்டிருக்கிறார்’ என்று சொல்கிறோம். செயல் முடிந்து நிலை தொடர்கிறது என்பது நம் மொழியின் பார்வை. அதை அப்படியே பெயர்த்தால் ‘ஹி சாட்’, ‘ஹி வோர் எ கேப்’ என்று இறந்தகாலம் வந்து விழும். ஆங்கிலம் இவற்றையும் நடந்துகொண்டிருப்பதாகவே பார்க்கிறது: ‘இஸ் சிட்டிங்’, ‘இஸ் ஸ்டாண்டிங்’, ‘இஸ் வேரிங்’. அக்காவின் இரண்டாவது பதிவில் ஒரே நிமிடத்தில் நான்கு இடத்தில் இந்தப் பிழை இருந்தது. காரணத்தைச் சொன்னதும் அடுத்த பதிவில் ஒன்றாகக் குறைந்தது. பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வெறுமனே திருத்திக்கொண்டே இருந்தால் அது போகாது.

பின்னணிக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி போதும். இரண்டு வாக்கியம். அங்கே என்ன கட்டடம், என்ன மரம், வானம் எப்படி இருக்கிறது. பலர் இதைச் சும்மா ஒப்புக்குச் சொல்கிறார்கள். ஆனால் படம் வரைகிறவர் பின்னணியில் வேண்டுமென்றே ஏதாவது வைத்திருப்பார். எங்கள் சந்தைப் படத்தில் தூரத்தில், கட்டடங்களுக்கு மேலே, கறுத்த மேகம் திரண்டிருந்தது. முன்னால் வெயில், பின்னால் மேகம். அதைப் பார்த்தவருக்கு அடுத்த கேள்வியும் பாதி முடிந்துவிட்டது.

இனி ஊகம். நிமிடத்தில் பத்து நொடியை இதற்கு ஒதுக்கலாம். ஊகிக்கவே பயப்படுகிறவர்களும் உண்டு, அளவில்லாமல் கதை கட்டுகிறவர்களும் உண்டு. கதை கட்டுவதுதான் அதிக ஆபத்து. ‘அந்தக் கிழவருடைய மனைவி இறந்துவிட்டார், அதனால் தனியாகச் சந்தைக்கு வந்திருக்கிறார்’ என்று ஒரு மாணவர் சொன்னார். இலக்கணம் சுத்தம். ஆனால் படத்தில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. கேட்பவர் இல்லாத ஒன்றைத் தன் மனப்படத்தில் சேர்த்துக்கொள்கிறார். நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: ஊகத்தைச் சொன்ன அதே வாக்கியத்தில் ‘ஏனென்றால்’ என்று படத்திலிருந்து ஒரு சாட்சியைக் காட்ட முடியுமா? முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் விடுங்கள்.

ஊகத்தின் உறுதி எவ்வளவு என்பதைச் சொல்லிலேயே காட்ட வேண்டும். இதில் தமிழ் நமக்கு நன்றாகவே கைகொடுக்கிறது, கொஞ்சம் கவனமாக இருந்தால். ‘அது அவருடைய அம்மாவாக இருக்கும்’ என்றால் நமக்குப் பெரும்பாலும் நிச்சயம். ‘அம்மாவாக இருக்கலாம்’ என்றால் பாதிப் பாதி. ‘அம்மாவாக இருக்க முடியாது’ என்றால் இல்லவே இல்லை. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் முறையே ‘மஸ்ட் பி’, ‘மைட் பி’, ‘கான்ட் பி’. சிக்கல் முதலாவதில் வருகிறது. ‘இருக்கும்’ என்பதை நாம் ‘வில் பி’ என்று பெயர்த்துவிடுகிறோம். ‘ஷி வில் பி ஹிஸ் மதர்’ என்றால் பெரும்பாலோர் காதில் எதிர்காலம்தான் ஒலிக்கும், இனிமேல்தான் அம்மா ஆகப்போகிறாள் என்பதுபோல. ‘மஸ்ட்’ என்றாலே ‘கட்டாயம்’ என்று பள்ளியில் படித்ததால் அந்தச் சொல்லை எடுக்க நாக்கு தயங்குகிறது. தயங்க வேண்டாம். சாட்சி வலுவாக இருக்கும் இடத்தில் அதுதான் சரியான சொல். இன்னும் மென்மையாக வேண்டுமானால் ‘இட் லுக்ஸ் ஆஸ் இஃப்’, நம்முடைய ‘போலத் தெரிகிறது’.

செல்பிப் தேர்வில் மட்டும் உள்ள ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்காவது கேள்வியில் அதே படம் மறுபடி வரும். அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பது கேள்வி. அதற்கும் 30 நொடி, 60 நொடி. ஆகவே மூன்றாவது கேள்வியில் ஊகிக்க வேண்டியது இப்போது உள்ளதைப் பற்றி மட்டும்: இவர்கள் யார், என்ன உறவு, என்ன மனநிலை, என்ன பருவம். மழை வரப்போகிறது, பழம் உருளப்போகிறது என்பதையெல்லாம் இங்கேயே கொட்டிவிட்டால், அடுத்த கேள்விக்குக் கை வெறுமையாகிவிடும். அங்கே இதையே திரும்பச் சொல்ல நேரும். மூன்றாவதில் மேகத்தைக் காட்டுங்கள். மழையை நான்காவதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அக்காவும் நானும் அந்தச் சந்தைப் படத்தை மறுபடி எடுத்தோம். தேர்வு அறையில் பேனாவும் தாளும் கொடுப்பார்கள். முப்பது நொடியில் வாக்கியம் எழுத முடியாது, எழுதவும் கூடாது. எழுதினால் அதைப் பார்த்து வாசிக்கிற குரல் வந்துவிடும். அவர் தாளில் ஒரு கட்டம் போட்டு, கீழே மூன்று சொல், மேலே இரண்டு சொல், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் எழுதினார். கீழே: கடைக்காரி, கிழவர், பையன். மேலே: கிட்டார், மேகம். கேள்விக்குறிக்குப் பக்கத்தில்: பேரன்.

பிறகு பேசினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். ‘இது ஒரு திறந்தவெளிச் சந்தை. காலை நேரம், ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். முன்னணியில், நடுவில், பச்சை ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி பழக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு வயதான மனிதரிடம் காகிதப் பையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் ஒரு கையால் பையை வாங்குகிறார், மறு கையில் நாயின் வாரைப் பிடித்திருக்கிறார். அவருக்கு இடப்பக்கத்தில், சிவப்புத் தொப்பி போட்ட ஐந்து வயதுப் பையன் ஒருவன், ஆப்பிள் குவியலின் அடியிலிருந்து ஒரு பழத்தை இழுத்துக்கொண்டிருக்கிறான். பெரியவர்கள் இரண்டு பேரும் அவனைப் பார்க்கவில்லை. பின்னணியில், ஒரு பெரிய மரத்தின் கீழ் ஒரு இளைஞன் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறான், சிலர் சுற்றி நின்று கேட்கிறார்கள். கட்டடங்களுக்கு மேலே கறுத்த மேகம் தெரிகிறது. அந்தப் பையன் பெரியவருடைய பேரனாக இருக்கும், ஏனென்றால் இருவரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டிருக்கிறார்கள். கடைக்காரி அவருக்குத் தெரிந்தவளாக இருக்கலாம், இருவரும் சிரித்துப் பேசுவதுபோலத் தெரிகிறது.’

ஐம்பத்தாறு நொடி. முதல் பதிவில் இருந்த அதே ஆட்கள், அதே ஆப்பிள், அதே நாய். புதிதாக வந்தவை ‘இழுத்துக்கொண்டிருக்கிறான்’, ‘நீட்டிக்கொண்டிருக்கிறாள்’ என்ற வினைகளும், அவருக்கு இடப்பக்கத்தில், மரத்தின் கீழ், கட்டடங்களுக்கு மேலே என்ற இடச்சொற்களும், இரண்டு ‘ஏனென்றால்’களும்தான். இரண்டாவது ஊகத்தில் ‘ஏனென்றால்’ என்ற சொல் இல்லாவிட்டாலும் சாட்சி இருக்கிறது. அதுவே போதும்.

நடுவில் ஒரு முறை தடுமாறினார். நாயின் வாருக்கு ஆங்கிலச் சொல் ‘லீஷ்’. அது அவருக்கு வரவில்லை. முதல் தடவை அங்கேயே நின்று நான்கு நொடி மௌனமாகிவிட்டார். அடுத்த தடவை, “நாயைப் பிடிக்கிற கயிறு” என்று ஆங்கிலத்தில் சுற்றிச் சொல்லிக் கடந்துவிட்டார். தெரியாத சொல்லுக்காக நிற்பதைவிட, அது எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லி நகர்வது நல்லது. கடைசிக் கேள்வியான எட்டாவதும் ஏறக்குறைய இதையேதான் சோதிக்கிறது. பெயர் சொல்ல முடியாத ஒரு விசித்திரப் பொருளின் படத்தைக் காட்டி, அதைப் பார்க்காதவருக்கு விளக்கச் சொல்வார்கள். அங்கேயும் இந்தப் பழக்கம் உதவும்.

முன்னணி, பின்னணி என்ற பிரிவு எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. ஒரு அறைக்குள் ஐந்து பேர் ஒரே தூரத்தில் உட்கார்ந்திருக்கிற படம் வந்தால், முன் பின் என்று இழுத்துப் பிடிக்க வேண்டாம். இடமிருந்து வலமாகப் போங்கள், அல்லது நடுவில் நடக்கிற முக்கியமான ஒன்றிலிருந்து வெளிப்பக்கம் போங்கள். எந்த வழியானாலும், போகிற வழியை நடுவில் மாற்றக் கூடாது. இடப்பக்கம் தொடங்கி, வானத்துக்குத் தாவி, மறுபடி கீழே வந்தால், கேட்பவர் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்துவிடுவார். நேரமும் அப்படித்தான். ஊகத்தை ஆரம்பிக்கும்போது திரையில் பதினைந்து நொடியாவது மிச்சமிருக்க வேண்டும். அறுபதாவது நொடியில் பதிவு தானாக நின்றுவிடும், பாதி வாக்கியமானாலும் காத்திராது.

செல்பிப் மட்டுமல்ல, கேம்பிரிட்ஜின் ‘பி1 பிரிலிமினரி’ தேர்விலும் ஒரு வண்ணப் புகைப்படத்தைக் கொடுத்து ஏறக்குறைய ஒரு நிமிடம் பேசச் சொல்கிறார்கள். அங்கே தேர்வாளர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அவர் படத்தைப் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு பேசுகிறவருக்கே பேச்சு ஒழுங்காக வருகிறது.

புதிய பதிவைப் பையனிடம் கொடுத்தோம். இந்தத் தடவை அவன் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான். மேசையின் மேல் ஆப்பிள் குவியல், அதன் அடியில் கை வைத்த பையன், அவனைப் பார்க்காமல் சிரிக்கிற இரண்டு பேர், தூரத்தில் மரம், அதன் மேல் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கிய மேகம். கிட்டார்காரனை மட்டும் மரத்தின் தவறான பக்கத்தில் வைத்திருந்தான், ஏனென்றால் அம்மா எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு, “அம்மா, இனி அந்த ஆப்பிள் எல்லாம் விழப்போகுது, என்ன?” என்றான். நான்காவது கேள்விக்கான விடையும் அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது.

தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மாதிரி விடைகளை மனப்பாடம் செய்வதற்கு முன், ஒரு படத்தைப் பற்றி 60 நொடி பேசிப் பதிவு செய்யுங்கள். படத்தைப் பார்க்காத ஒருவரிடம் அந்தப் பதிவையும் ஒரு பென்சிலையும் கொடுங்கள். அவர் வரைந்ததையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நீங்கள் எதைச் சொல்லவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.